புள்ளி இருக்கும் பக்கம்

மடியில் ஏழு பொன்னாடைகள் சேர்ந்துவிட்டன, எட்டாவதோடு அரிசி ஆலை மாரிச்சாமி மேடையேறிக்கொண்டிருந்தார், அவர் சிரித்ததும் டாக்டர் திரவியத்தின் கண்ணில் முதலில் பட்டது முகமல்ல, மேல்வரிசையில் இடது பக்கம் தான் மாட்டிவிட்ட உறைப்பல், பதினோரு வருஷமாகியும் விளிம்பில் ஈறு விலகவில்லை, நல்ல வேலைதான் என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தவர், இன்றைக்கு நிமிர வேண்டாம், இன்றைக்கு வந்த வேலை வேறு என்று தன்னையே அதட்டிக்கொண்டார். அவர் ஓய்வுபெறுவதற்கான பாராட்டு விழாவுக்குப் புளியங்குடி வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள், இருநூறும் நிறைந்து சுவரோரமும் ஆள் நின்றது, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி வெயிலுக்கு மின்விசிறிகள் போதவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்தக் கூட்டத்தில் அவர் விரல் போகாத வாய் இல்லை. மூன்றாம் வரிசை வெற்றிலைக் கறை, அதற்குப் பின்னால் இரவில் பல்லை நெரிக்கும் வாத்தியார், தூணோரம் எட்டு வயதில் ஊசியைப் பார்த்து அவர் மணிக்கட்டைக் கடித்த பெண், இப்போது மடியில் அவள் பிள்ளை. எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். ஒரு பல் டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும், போய்ப் பேசாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், அதுதானே சனியன், கேட்டிருந்தால் எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கலாமே. மேடையின் ஓரத்தில், மைக்குக்கு அந்தப் பக்கம், கிளினிக்கில் அவருடைய உதவியாளரான எஸ்தர் ஒரு தாளைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். நிகழ்ச்சி நிரலில் கடைசி இரண்டு வரி: ஏற்புரை, டாக்டர் திரவியம், நன்றியுரை, எஸ்தர். அவளுடைய முறை வருவதற்குள் அவர் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவள் தலையில் இருப்பது அவள் செய்த தப்பு அல்ல, தான் செய்த தப்பு என்று, அவளுக்கு எதிரே, இத்தனை பேருக்கு எதிரே சொல்லியாக வேண்டும். மாரிச்சாமி பொன்னாடையைப் போர்த்தினார், கழுத்து வியர்த்தது, போட்டோ எடுத்தார்கள்.

தொண்ணூற்றெட்டு, ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை. தேதியை அவர் நினைவு வைத்துக்கொள்ளவில்லை, தேதிதான் அவரை விடவில்லை. அன்றைக்கு நாற்பது பேர் காத்திருந்தார்கள், கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது, சண்முகத்தாய்க்கு அப்போது பத்தொன்பது வயசு. ஒரு வாரமாக மருந்துக்கடை மாத்திரையை விழுங்கி வலியும் வீக்கமும் அடங்கிப்போய் வந்து உட்கார்ந்தாள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் முதல் கடைவாய்ப்பல் கெட்டிருந்தது. இடது பக்கம் மேலே பார்க்க ஒழுங்காக இருந்தது, உள்ளே பழைய அடைப்புக்குக் கீழே அழுகல். வலது பக்கம் வெளியே கறுப்பாக ஒரு பள்ளம், பார்க்கப் பயங்கரம், ஆனால் ஆழமில்லை, சுரண்டி அடைத்தால் பிழைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் வீங்கியது என்று கேட்டதற்கு எதிரே நின்ற அவள் அம்மா கையை நீட்டி, இந்தப் பக்கம் சார், என்றாள். எதிரே நிற்கிறவளுக்கு இந்தப் பக்கம், உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தப் பக்கம். அதற்காகத்தான் எக்ஸ்ரே. தீப்பெட்டிச் சீட்டளவு ஃபிலிம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று எடுத்து, எஸ்தர் இருட்டறையில் கழுவி ஒரே கொக்கியில் மாட்டியிருந்தாள். ஃபிலிமின் ஒரு மூலையில் சின்னக் கொப்புளம் மாதிரி ஒரு புள்ளி இருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியும். புள்ளி புடைத்திருக்கிற பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிற கணக்கு. குழிந்த பக்கம் பார்த்தால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. அவர் காத்திருக்கவில்லை. காய்வதற்கு முன்னாலேயே, இருட்டறைக் கதவை அரைகுறையாகத் திறந்து கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஈர ஃபிலிமைத் தொட்டால் கறையாகும் என்று புள்ளியைத் தடவிப் பார்க்கவில்லை. வேர் நுனியில் கறுப்பு நிழல் கட்டிய பல் வலது பக்கம் இருக்கிற மாதிரித் தெரிந்தது. வாயைத் திறந்தால் வலது பக்கம்தான் கறுப்புப் பள்ளமும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் அவருக்கு ஒரு திருப்திகூட வந்தது. வலது தாடை மரத்துப்போக ஊசி போட்டார். அந்தப் பெண் நாக்கு தடித்துப்போன குரலில், இந்தப் பக்கமா சார், என்று கேட்டாள். ஆமா, பேசாம இரு, என்றார்.

பல் சொன்னது. அதுதான் இன்னும் உறுத்துகிறது, பல் அவருக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. சீழ் கட்டிய பல் பெரும்பாலும் கொஞ்சமாவது ஆட்டம் கொடுக்கும், இது கொடுக்கவில்லை, இடுக்கியைப் போட்டு வெளியேயும் உள்ளேயுமாக அசைத்து அசைத்து இருபது நிமிஷம், அவர் நெற்றி வியர்வை அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழுந்தது, பிடிவாதமான பல் என்று முணுமுணுத்தார். வெளியே வந்ததைப் பஞ்சில் வைத்துப் பார்த்தபோது இரண்டு வேரும் மொழுமொழுவென்று, சுத்தமாக, எலும்போடு இறுக்கமாக இருந்த வேர்கள், நுனியில் பை இல்லை, சீழ் வாடை இல்லை. அப்போதே தெரிந்தது. பஞ்சைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மூன்றாம் நாள் இடது பக்கம் வீங்கிக்கொண்டு வந்தாள், அதுவும் சொத்தைம்மா, ரெண்டும் போக வேண்டியதுதான், நல்ல வேளை வந்தே, என்று சொல்லி அதையும் எடுத்தார். அவர் சொன்னதை அந்தக் குடும்பம் நம்பியது, அதற்கப்புறம் கூட்டங்கூட்டமாக வந்தது, கல்யாணம் ஆனதும் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். முதல் பல்லை எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எஸ்தர் இருட்டறை வாசலில் நின்றாள். எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்திருப்பாள் போல. உதடு உலர்ந்திருந்தது. சார், நான் மாத்தி மாட்டிட்டேனா, என்று கேட்டாள். இல்லை என்று ஒரு சொல், மூன்றே எழுத்து, ஒரு மூச்சு விடுகிற நேரம். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, இனிமே கவனமா இரு, என்றார்.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லையே. அடுத்த வருஷம் புதிதாக ஒரு உதவியாளர் சேர்ந்தபோது, எக்ஸ்ரேயில் கவனம் வேண்டும் என்பதற்கு உதாரணமாக, இங்க ஒரு தடவை ஃபிலிமை மாத்தி மாட்டினதால என்ன ஆச்சு தெரியுமா, என்று ஆரம்பித்தார். பேர் சொல்லவில்லை, ஆனால் அந்த அறையில் எக்ஸ்ரே கழுவுகிறவள் ஒருத்திதானே. பிறகு சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னார், சொல்லச் சொல்ல மெருகு ஏறியது, போகப்போக அவருக்கே அது எஸ்தர் செய்ததுபோலத் தோன்ற ஆரம்பித்தது, மனுஷ மூளை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தன் படுக்கையை விரித்துக்கொள்கிறது. எஸ்தர் ஒரு தடவையும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபிலிமைக் கொடுக்கும்போதும், புள்ளி உங்க பக்கம் சார், என்று சொல்லிக் கொடுத்தாள். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டரில் படம் விழுகிற காலம் வந்தும், புள்ளி கிள்ளி ஒன்றும் இல்லாத காலத்திலும், வாய் தவறிப் புள்ளி உங்க பக்கம் என்பாள், சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அவரும் சிரித்திருக்கிறார். அவரும்தான் சிரித்திருக்கிறார். போன மாசம் கிளினிக்கை வாங்கிக்கொள்ளும் டாக்டர் நஸ்ரின் நோயாளிகளின் பழைய அட்டைகளைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது. இந்த ஒரு அட்டையைக் கிழிக்காதீங்க டாக்டர், இது என்னோட தப்பு, என்கிட்டயே இருக்கட்டும். நஸ்ரின் ஏதோ ஆறுதல் சொன்னாள். அவர் கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டு தடவையும் சாவிக்கொத்தைப் பற்றிப் பேசி அனுப்பினார். பிறகுதான் புரிந்தது, தனியாகச் சொன்னால், பரவாயில்ல விடுங்க சார், என்று அவள் சொல்லிவிடுவாள், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அவருக்கு வசதியாக. ஊரறியச் சுமத்திய பழியை அறைக்குள் எடுப்பது எந்த ஊர் நியாயம்.

ஆனால் வாய் சண்முகத்தாயுடையது. அவள் அனுமதி இல்லாமல் அவள் பல்லைப் பற்றிச் சபையில் பேச அவருக்கு உரிமை கிடையாது, அந்த ஒரு ஒழுங்கையாவது காப்பாற்ற வேண்டுமே. வியாழக்கிழமை அவளுடைய எலுமிச்சை மண்டிக்கே போனார். அவள் மூட்டைகளுக்கு நடுவே நின்று எடை சொல்லிக்கொண்டிருந்தாள், வாங்க சார் வாங்க, என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். சொன்னார். எக்ஸ்ரே, புள்ளி, பக்கம், வேர், ஃபிலிமை வேறொருத்தர் மாத்தி மாட்டியதாகச் சொல்லிவந்த பொய், எல்லாம் சொன்னார். அந்த வலது பல்லு நல்ல பல்லா, என்றாள். அடைச்சா பிழைச்சிருக்கும், என்றார். நான் முறுக்க ஊற வச்சுத் திங்கேன் சார், நாப்பத்தஞ்சு வயசுல, எம் மாமியா எம்பது வயசுல கடிச்சுத் திங்கா, என்றாள். அவருக்குத் தெரியும், அவளைவிட நன்றாகத் தெரியும். கீழே பல் போன இடத்துக்கு மேல்பல் எதிரே முட்ட ஆளில்லாமல் கீழிறங்கிவிட்டது, பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்துக்குள் சாய்ந்துவிட்டது, இப்போது பாலம் கட்டவும் இடம் சரியில்லை, அவர் செய்துகொடுத்த கழற்றி மாட்டும் பல்லும் இரண்டு நாளுக்கு மேல் அவள் வாயில் நிற்கவில்லை. இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் அட்டையில் எழுதிக்கொண்டுதான் வந்தார், காரணத்தை மட்டும் எழுதவில்லை. அப்புறம்தான் அவள் ஒன்று கேட்டாள். யாரு மாத்தி மாட்டுனதா நெனச்சிட்டு இருக்காங்க, எஸ்தர் அக்காவா. அவர் ஆமென்று தலையசைத்தார். அவளுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. அதான் அந்தக்கா வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு டப்பால கேக் கொண்டாந்து தாராங்களா, எனக்கு மட்டும், நான் பாசம்னுல்லா நெனச்சேன், என்று கையில் இருந்த எலுமிச்சையை மூட்டைக்குள் விட்டெறிந்தாள். என் பல்லு போனது போச்சு, அதுக்கு உங்ககிட்ட நான் பொறவு பேசுதேன். மொதல்ல அதைச் சபையில சொல்லுங்க. எம் பேரையும் சொல்லுங்க, எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நான் மொத வரிசையில வந்து உக்காருதேன்.

உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை, கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, சிரிக்காத ஒரே முகம். அடுத்து நம் டாக்டர் ஐயா அவர்களின் ஏற்புரை என்று சங்கத் தலைவர் அண்ணாச்சி முழங்கினார், கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, திரவியம் எழுந்தார். கழுத்து வலித்தது, முப்பத்தெட்டு வருஷம் ஒரே பக்கம் குனிந்த கழுத்து, வலது கட்டைவிரலும் இரண்டு வருஷமாகச் சொன்னபடி கேட்பதில்லை, நடுங்குகிற கையோடு ஒருத்தர் வாய்க்குள் போகக் கூடாது என்றுதான் ஓய்வு. சட்டைப் பையில் நஸ்ரின் தட்டச்சு செய்துகொடுத்த உரை இருந்தது. அழகான உரை, மேற்கோள்கூட இருக்கிறது, அதை வெளியே எடுக்க விரல் போனது, விரலுக்கு வழி தெரியும்போல. எடுக்காதே. எடுத்தால் முடிந்தது, அந்தத் தாள் உன்னை அழைத்துப் போய் இனிமையாக இறக்கிவிட்டுவிடும். அனைவருக்கும் வணக்கம் என்றார். குரல் மைக்கில் வேறு யாருடையதோபோல வந்தது. வந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், என்று சம்பிரதாயம் தானாகவே ஓடியது, ஓடட்டும், கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு கிடைக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டதுபோல உதடு தன்னுடையதாக இல்லை. இவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும், ஊசி ஏறும்வரை காத்திருந்த ஐந்து நிமிஷம் இப்படித்தான். பயம் எதற்கு? பேர் போகுமா? போகட்டும். வழக்கா? போடட்டும், அவளுக்கு உரிமை உண்டு. அதுவல்ல பயம். எஸ்தர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டி வருமே, அதுதான். அப்படியானால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், மைக்கைப் பார்த்துச் சொன்னால் செல்லாது. நான் ஒரு சங்கதி சொல்லணும், என்றார்.

என் கையால தப்பு நடந்திருக்கு, என்று ஆரம்பித்தார், இத்தனை வருஷத்தில் நான் செய்யாத தப்பு இல்லை, ஒரு பெண்ணுக்கு நல்ல பல்லை எடுத்திருக்கிறேன், அந்தத் தப்புக்கு இன்னொருத்தர் பழியைச் சுமக்க விட்டிருக்கிறேன், என்றார். கொஞ்சம் நிறுத்தினார், அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்கத்தான் நிறுத்தினார், அதற்குள் பின்னால் அண்ணாச்சி, அடடா, என்ன பெரிய மனசு, என்று மைக்கில் கேட்கும்படி சொல்லிக் கை தட்டிவிட்டார். ஒரு கை தட்டினால் போதாதா, இருநூறு பேரும் தட்டினார்கள், தூணோரப் பெண் பிள்ளையின் கையைப் பிடித்து அதையும் தட்ட வைத்தாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லியாயிற்று, சொல்லியும் அது யாரிடமும் போய்ச் சேரவில்லை, அடக்கம் என்று மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எஸ்தரும் தட்டினாள். சுருட்டிய தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டாக்டர் இப்படிப் பேசுகிறாரே என்று உருகின முகத்தோடு தட்டினாள். இங்கேயே நிறுத்திவிடலாம். சொன்னேன் என்று தனக்கும் சொல்லிக்கொள்ளலாம், சண்முகத்தாயிடமும் சொல்லிக்கொள்ளலாம், சட்டப்படி சரிதான். எவ்வளவு மெத்தென்ற பள்ளம், விழுந்தால் வலிக்காது. முதல் வரிசையில் பச்சைப் புடவை மட்டும் கை தட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை. மொட்டையாகச் சொன்னால் பெருமையாகிவிடும், எண்ணும் பேருமாகச் சொன்னால்தான் தப்பு தப்பாக நிற்கும். அட்டையில் எழுதுவதுபோலச் சொல், திரவியம், நோயாளி பேர், பல் எண், தேதி, என்ன செய்தது, யார் செய்தது.

கை தட்டாதீங்க, என்றார். யாரும் கேட்கவில்லை. தயவுசெஞ்சு கை தட்டாதீங்க, என்று மைக்கை இழுத்துச் சத்தமாகவே சொன்னார், ஒலிபெருக்கி கீச்சிட்டது, தட்டல் அறுந்து நின்றது. தொண்ணூற்றெட்டு ஆடி மாசம், முன்னால உக்காந்திருக்கிற சண்முகத்தாய், அவங்க சம்மதத்தோடதான் பேர் சொல்றேன், அவங்களுக்குக் கீழ்த்தாடை இடது பக்கம் முதல் கடைவாய்ப்பல், எங்க கணக்குல முப்பத்தாறாம் நம்பர், அதை எடுத்திருக்கணும். நான் நாப்பத்தாறை எடுத்தேன். வலது பக்கம். அடைச்சுக் காப்பாத்தியிருக்க வேண்டிய பல். ஏன்னா எக்ஸ்ரே ஃபிலிமை நான் திருப்பிப் பிடிச்சுப் பார்த்தேன். இதுவரை சபையைப் பார்த்தார். இனி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கழுத்து மட்டும் திரும்பினால் வலிக்கும், உடம்போடு திரும்பினார். எஸ்தர் நின்ற பக்கம். எஸ்தர் சரியாத்தான் மாட்டியிருந்தா. கொக்கியில இருந்து ஈரத்தோட பிடுங்கினது நான், புள்ளியைத் தடவிப் பார்க்காதது நான். பல்லு வெளிய வந்ததுமே எனக்குத் தெரியும். சாயங்காலம் எஸ்தர் என்கிட்ட, நான் மாத்தி மாட்டிட்டேனா சார்னு கேட்டா. இல்லைன்னு நான் சொல்லல. கவனமா இருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நம்ம கிளினிக்ல சேர்ந்த அத்தனை பேருகிட்டயும் அது எஸ்தர் செஞ்ச தப்புன்னு கதை சொன்னேன். டாக்டர் நஸ்ரின்கிட்டயும் சொன்னேன். அது பொய். அந்தத் தப்பு என்னோடது, எஸ்தருக்கு அதுல எள்ளளவும் சம்பந்தம் இல்ல. முடிந்தது. இன்னும் ஒன்று பாக்கி, மன்னிப்பு என்கிற வார்த்தை, அதைச் சொன்னால் மறுபடி தட்டுவார்களோ என்று பயந்து, மெதுவாக, மைக்கை விட்டு விலகி, அவளைப் பார்த்து மட்டும் சொன்னார். யாரும் தட்டவில்லை. அண்ணாச்சி கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள், சின்னப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சண்முகத்தாய் கோத்திருந்த விரல்களைப் பிரித்தாள், அவ்வளவுதான். எஸ்தர் முகம் மாறும் என்று பயந்தாரே, அது மாறவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் அவர் மேலேயே இருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை, எதையோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிற பார்வை. இருபத்தாறு வருஷத்தையும் எண்ண நேரமாகும் என்று நினைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குத் திரும்பினார். லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்த நெஞ்சு அப்படியே கனத்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து நன்றியுரை என்று அண்ணாச்சி கம்மிய குரலில் சொன்னார், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்கிற மாதிரி எஸ்தரைப் பார்த்தார். அவள் நேராக மைக்குக்கு வந்தாள். தாளை விரித்தாள். முதல் வரியில் கண் நின்றது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வேண்டாம் எஸ்தர், போய் உட்கார், என்று திரவியத்துக்குச் சொல்லத் தோன்றியது, மறுபடியும் அவள் வாயை நீயே அடைக்கப் பார்க்கிறாயா என்று நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னாலும் கேட்க வேண்டியது தன் வேலை. எஸ்தர் கட்டைவிரலால் முதல் வரியை மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாசித்தாள். கட்டடம் தந்து உதவிய வியாபாரிகள் சங்கத்துக்கு நன்றி. மைக் செட் போட்டவர்களுக்கு நன்றி. டீ, வடை ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி. தூரத்தில் இருந்து வந்த நம் நோயாளிகளுக்கு நன்றி. குரல் தடுமாறவே இல்லை, கிளினிக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற அதே குரல். பிறகு தாளை மடித்தாள். எழுதாத ஒண்ணு சொல்லிக்கிறேன், என்றாள். அந்த ஆடி மாசம் எனக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்கு சீட் வந்துச்சு. திருநெல்வேலியில, கவர்ன்மென்ட் காலேஜ்ல. எங்க அப்பா பெட்டியெல்லாம் வாங்கி வச்சிட்டாரு. இடது வலது தெரியாத கையி, இன்னொருத்தர் நெஞ்செலும்பை எப்படிப் படம் பிடிக்கும்னு நான் போகல. அப்பா சாகுறவரைக்கும் ஏன் போகலன்னு கேட்டாரு. நான் சொல்லல. இதைக் கேட்டதும் திரவியத்துக்குக் காதில் ஒரு அடைப்பு விழுந்தது, சபை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. சீட்டா, என்ன சீட்டு, எனக்குத் தெரியாதே. உனக்கு எப்படித் தெரியும், நீ எப்போது கேட்டாய். ஒரு சொல்லைத்தான் விழுங்கினோம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தார், அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண்ணின் மொத்த ஆயுசு இருந்திருக்கிறது, அதைக் கழுவிய கையோடு கழுவி விட்டிருக்கிறார். எஸ்தர் சொன்னாள், டாக்டர் சாருக்கு நன்றின்னு மொத வரியா எழுதியிருந்தேன். அதை இன்னைக்கு என்னால படிக்க முடியல. எல்லாருக்கும் வணக்கம்.

நாட்டுப்பண்ணுக்காக எல்லாரும் எழுந்தார்கள். திரவியமும் எழுந்தார், மடியில் மறுபடி எடுத்து வைத்திருந்த பொன்னாடைகள் தரையில் சரிந்தன, குனிந்து எடுக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும், நிமிர்ந்து நின்றார். ஒலிபெருக்கியில் பாட்டு கரகரத்தது. எஸ்தர் மைக்குப் பக்கத்திலேயே, அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில், நேரே பார்த்து வாய்விட்டுப் பாடினாள். நாளைக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டும், உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்க வேண்டும், மறுநாளும் போக வேண்டும், அவள் எப்போது பேசுகிறாளோ அப்போது கேட்க வேண்டும். அவள் பேசாமலே போனாலும் அது அவள் இஷ்டம், சொன்னதில் ஒரு எழுத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதில்லை. பாட்டு முடிந்ததும் எஸ்தர் படியிறங்கினாள். கீழே சண்முகத்தாய் எழுந்து தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு இடம் விட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், கூட்டம் கலைந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.